நெடுநல்வாடையில் நண்பகல் நிழலும் திசை காணலும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரசனது கோயிலுக்கு மனை வகுத்த முறையைச் சில அடிகளிற் கூறுகின்றது. கதிரவன் ஒரு பக்கமும் சாராத நண்பகலில் இரண்டு கோல்களின் நிழலைக் குறித்து, பின்னர் நுட்பமாகக் கயிறிட்டுத் திசை கொண்டனர் நூலறிந்தோர் என்பது அப்பகுதியின் பொருள். பாட்டில் திங்களின் பெயர் இல்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியரே அதனைச் சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள்களுள் ஒன்று என்றும், நிழல் சாயாத பொழுது என்றும் விளக்கினார். இவ்விளக்கம் பாட்டின் காலத்துக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வாம்.

முதற்கண் முறையை நோக்குவோம். நீர்மட்டம் பார்த்துச் சமன் செய்த திடலில், தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாக நிறுத்திய கோலின் நிழல், உண்மை நண்பகலில் மிகக் குறுகி, வடக்கு தெற்காகக் கிடக்கும். ஆயின் அக்கணத்தைக் கண்ணாற் பிடித்தல் அரிது. மதுரையில் மார்கழித் தொடக்கத்தில், டிசம்பர் 22 அளவில், 6 அடிக் கோலின் நண்பகல் நிழல் ஏறத்தாழ 47 அங்குலம் இருக்கும். பத்து நிமிடம் கழித்து அதன் நீளம் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கே மிகும். திசையோ 4 பாகைக்கு மேல் திரும்பிவிடும். கதிரவன் புள்ளியன்றி வட்டமாதலின், நிழலின் நுனி ஓரங்குல அளவு மங்கியே தோன்றும். ஆகவே குறுகிய நிழலை மட்டும் நம்புவோன் பல பாகை பிழைப்பான்.

இதற்குரிய மாற்றினைக் காத்தியாயனரின் சுல்வ சூத்திரமும் பிற்காலச் சிற்ப நூல்களும் கூறுகின்றன. கோலின் அடியை நடுவாகக் கொண்டு வட்டம் வரைதல் வேண்டும். நாம் கூறிய நாளில் 5 அடி ஆரமுள்ள வட்டத்தை நிழல் நுனி நண்பகலுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி முன்னர் ஒருமுறையும், அவ்வளவு பின்னர் ஒருமுறையும் தொடும். அவ்விரு புள்ளிகளையும் இணைத்த கோடு கிழக்கு மேற்காகும். நுனியின் மங்கல் இருமுறையும் ஒத்திருத்தலின் பிழை தன்னைத்தானே ஈடுசெய்கின்றது. பின்னர் அவ்விரு புள்ளிகளையும் நடுவாகக் கொண்டு கயிற்றால் இரு வில்வளைவுகள் இட்டு, அவை வெட்டும் இடங்களை இணைப்பின் உண்மை வடக்கு கிடைக்கும். நிழலுக்குப் பின் கயிறு எனப் பாட்டுக் கூறும் வரிசையும் இதுவே.

இனி, உரை கூறும் நாளைக் காண்போம். கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் நாளில் நண்பகலில் நிழலே இல்லை. ஆதலின் அக்கணத்து நிழலால் வடக்கு அறிதல் இயலாது. ஆயின் அன்று கதிரவன் உச்சியினூடே கிழக்கிலிருந்து மேற்கே செல்லுதலின், நண்பகலுக்கு இருபது நிமிடம் முன்னர் 6 அடிக் கோல் காட்டும் ஆறங்குல நிழல், அரைப்பாகை பிழையின்றி மேற்கு நோக்கியே கிடக்கும். கிழக்கு மேற்காக நாட்டிய இரு கோல்களின் நிழலும் ஒரே கோட்டில் ஓடுதல் அப்போது தெளிவாகும். உரையாசிரியர் கருதியது கிழக்கு மேற்குக் கோட்டையே எனக் கொள்ளின் அவர் கூற்று முரணின்றி நிற்கும்.

மதுரை வடக்கு 9.9 பாகையில் உள்ளது. அங்குக் கதிரவன் உச்சிக்கு வருவது ஏப்பிரல் 15, 16 அளவிலும் ஆகஸ்டு இறுதியிலுமே. இடைப்பட்ட திங்கள்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அளவில் அது 17 அங்குலம் இருக்கும். நண்பகல் நிழல் என்றும் வடக்கையே காட்டும் என்று எண்ணுவோன் அப்போது திசையைத் தலைகீழாகக் கொள்வான்.

இன்று சித்திரை ஏப்பிரல் 14 அளவில் பிறத்தலின் உச்சிநாள் அத்திங்களின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளாகும். நம் சூரிய ஆண்டு விண்மீன்களைப் பற்றிச் செல்வதால், பருவங்களை நோக்க, ஏறத்தாழ 60, 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் பிந்துகின்றது. இக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தின், நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14ஆம் நூற்றாண்டில் மதுரையின் உச்சிநாள் சித்திரை 12 அளவில் வரும். அது நடுப்பத்தினுள் அடங்குகின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குச் செலுத்தினாலோ அது சித்திரையின் இறுதிக்குச் செல்லும். நடுப்பத்தில் நிழல் வடக்கே சாய்ந்தேயிருக்கும்.

எனவே உரையாசிரியர் குறித்த நாள் அவர் காலத்து வானத்தோடு பொருந்துகின்றதேயன்றிப் பாட்டின் காலத்தோடு பொருந்தவில்லை. அவர் தம் காலத்து வழக்கையே எழுதினார் எனக் கொள்ளுதல் தகும். பாட்டோ நண்பகலை மட்டுமே கூறி நிற்கின்றது. கோலும் கயிறும் கொண்டு திசை காணும் முறை முகிலற்ற எந்நாளுக்கும் ஏற்கும். ஆதலின் சித்திரைக் குறிப்பினைச் சான்றாகக் கொண்டு நெடுநல்வாடையின் காலத்தை வரையறுத்தல் பொருந்தாது என்பது நம் முடிபு.