பட்டுக் குஞ்சமும் எண் முக்கோணமும்

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1654இல் ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயரால் வழங்கும் எண் முக்கோணத்தை, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மராக்கிஷ் நகரில் இப்னு முன்இம் அமைத்திருந்தார். 1228இல் மறைந்த அவ்வறிஞர், ‘ஃபிக்ஹுல் ஹிஸாப்’ என்னும் நூலில் எழுப்பிய வினா இது: பத்து நிறப் பட்டு நூல்களால் எத்தனை வகைக் குஞ்சங்கள் கட்டலாம்?

நாம் ஐந்து நிறங்களை எடுத்துக்கொள்வோம். மூன்று நிறக் குஞ்சங்கள் எத்தனை? ஐந்து, நான்கு, மூன்றைப் பெருக்கி அறுபது என்பது பிழை. நிறங்களை எந்த வரிசையில் சொன்னாலும் குஞ்சம் ஒன்றே. அவ்வாறு பெருக்கினால் ஒவ்வொரு குஞ்சமும் ஆறு முறை எண்ணப்பட்டுவிடும்.

சிவப்பைத் தனியே வைப்போம். குஞ்சத்தில் சிவப்பு இருக்கும், அல்லது இராது. இருப்பின், எஞ்சிய நான்கு நிறங்களில் இரண்டைத் தேர வேண்டும். அதற்கு 6 வழிகள். இராவிடின், அந்நான்கிலிருந்தே மூன்றையும் தேர வேண்டும். அதற்கு 4 வழிகள். எந்தக் குஞ்சமும் இவ்விரு பிரிவிலும் சேராது, எதுவும் விடுபடாது. ஆகவே விடை 10.

முக்கோணத்தில் நான்கு நிறங்களுக்குரிய வரி 1, 4, 6, 4, 1 என்பதாகும். எதையும் எடாமை, ஒன்றை எடுத்தல், இரண்டை எடுத்தல் என முறையே அவ்வெண்கள் வழிகளைக் கூறும். அடுத்தடுத்து நிற்கும் 6, 4 ஆகிய இரண்டின் கீழே 10 வருகிறது. மேலிருக்கும் இரண்டு எண்களில் ஒன்று ‘சிவப்புண்டு’ என்பதன் கணக்கு. மற்றது ‘சிவப்பில்லை’ என்பதன் கணக்கு. இவ்வாறே வரிவரியாகக் கூட்டி இறங்கினால், பத்து நிறங்களில் ஐந்தைத் தேரும் வழிகள் 252 எனக் காண்போம். ஒருநிறக் குஞ்சம் முதல் பத்துநிறக் குஞ்சம் வரை மொத்தம் 1023 வகைகளாம்.