யுபிஐ கொடுப்பனவு: ரகசிய எண் முதல் கடையின் அறிவிப்பு வரை

யுபிஐ என்பது இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்குக்குக் கைபேசி வழியே உடனடியாகப் பணம் செலுத்த உதவும் முறையாகும். இந்திய ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008இல் உருவாக்கிய தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்பிசிஐ, இதனை 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்தி இன்றுவரை நடத்தி வருகிறது. வாடிக்கையாளர் ரகசிய எண்ணை இட்டு முடித்ததற்கும் கடையில் 'பணம் வந்தது' என்ற அறிவிப்பு எழுவதற்கும் இடைப்பட்ட சில விநாடிகளில், ஒரு கணக்கில் பற்றும் மற்றொன்றில் வரவும் எழுதப்படுகின்றன. அவ்விரண்டும் எந்த வரிசையில் நடக்கின்றன, இடையில் ஒரு பதில் வராமற்போனால் என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பங்கேற்போர்

மதுரையில் உள்ள ஒரு காய்கறிக் கடையில் ஒருவர் 120 ரூபாய் செலுத்துவதாகக் கொள்ளலாம். அவருடைய கணக்கு இருப்பது 'அ' வங்கி. அவர் பயன்படுத்தும் செயலியை யுபிஐயுடன் இணைத்துத் தருவது 'ஆ' வங்கி. கடையின் செயலியை இணைப்பது 'இ' வங்கி. கடையின் கணக்கு இருப்பது 'ஈ' வங்கி. செயலிக்குப் பின்னால் நின்று அதனை யுபிஐயுடன் இணைக்கும் 'ஆ', 'இ' ஆகியவை சேவை வங்கிகள் எனப்படுகின்றன. இந்நான்கும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாச் செய்திகளும் என்பிசிஐ நடத்தும் மைய இணைப்பகத்தின் வழியாகவே செல்கின்றன. சில வேளைகளில் ஒரே வங்கி இரண்டு பொறுப்புகளையும் ஏற்றிருக்கும் என்றாலும் செய்திகளின் வரிசை மாறுவதில்லை.

கியூஆர் குறியீடும் பெயரும்

கடையில் ஒட்டப்பட்டுள்ள கியூஆர் கட்டத்தில் கணக்கு எண் இருப்பதில்லை. அதனுள் இருப்பது பின்வரும் வடிவிலான ஒரு வரியே ஆகும்.

```
upi://pay?pa=kadai@vangi&pn=Kadai&cu=INR
```

இதில் `pa` என்பது கடையின் யுபிஐ முகவரி. `pn` என்பது பெயர். `cu` என்பது நாணயம். அச்சிட்டு ஒட்டிய குறியீட்டில் பெரும்பாலும் தொகை இராது என்பதால் வாடிக்கையாளரே 120 என்று இடுகிறார். குறியீட்டை வருடியவுடன் செயலி அந்த முகவரியை மைய இணைப்பகத்தின் வழியாகச் சரிபார்த்து, அதற்குரியவரின் பெயரைப் பெற்றுத் திரையில் காட்டுகிறது. கடையின் குறியீட்டின்மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிட்டுப் பணத்தைத் திசைதிருப்பும் மோசடியை வாடிக்கையாளர் கண்டுகொள்ளக்கூடிய இடம் இந்தப் பெயரே ஆகும்.

ரகசிய எண்

தொகைக்குப் பின் ரகசிய எண் கேட்கும் திரை தோன்றுகிறது. செயலிக்குள்ளேயே தோன்றினாலும் அத்திரை செயலி நிறுவனத்தினுடையது அன்று. என்பிசிஐ எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக வழங்கும் மென்பொருளின் பகுதியாகும். இட்ட எண் கைபேசியிலேயே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது உரிய திறவுகோல் இல்லாதவர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றப்படுகிறது. ஆகவே செயலி நிறுவனத்துக்கோ 'ஆ' வங்கிக்கோ அது தெரிவதில்லை. மைய இணைப்பகம் அதனை 'அ' வங்கியின் திறவுகோலுக்கு ஏற்ப மீண்டும் மறையாக்கி அனுப்ப, அது சரியா என்பதை 'அ' வங்கி மட்டுமே முடிவு செய்கிறது.

பற்று முதலில், வரவு பின்னர்

செயலியின் கோரிக்கை 'ஆ' வங்கி வழியாக மைய இணைப்பகத்தை அடைந்ததும், கடையின் முகவரிக்குரிய கணக்கு எது என்று 'இ' வங்கியிடம் கேட்கப்படுகிறது. கணக்கு எண்ணும் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் பதிலாக வருகின்றன. அடுத்து 'அ' வங்கிக்குப் பற்றுக் கோரிக்கை செல்கிறது. அவ்வங்கி ரகசிய எண், இருப்பு, அன்றாட வரம்பு ஆகியவற்றைப் பார்த்து 120 ரூபாயைக் கழித்துக்கொண்டு 'ஆயிற்று' என்று பதில் தருகிறது. அந்தப் பதில் வந்த பிறகே 'ஈ' வங்கிக்கு வரவுக் கோரிக்கை அனுப்பப்படுகிறது. 'ஈ' வங்கி வரவு எழுதிப் பதில் தந்ததும், மைய இணைப்பகம் 'ஆ' வங்கிக்கு முடிவையும் 'இ' வங்கிக்கு உறுதிச் செய்தியையும் அனுப்புகிறது. கடையின் ஒலிப்பெட்டி பேசுவது இந்த உறுதிச் செய்திக்குப் பின்னரே.

இவ்வரிசை காரணத்தோடு அமைந்தது. வரவை முதலில் எழுதிவிட்டால், செலுத்துபவரின் கணக்கில் இருப்பு இல்லை என்று பின்னர் தெரியவரும்போது இல்லாத பணம் கடையின் கணக்கில் சேர்ந்திருக்கும். பற்று முந்துவதால் அந்த இழப்பு நேர்வதில்லை. அதற்கு ஈடாக, பணம் ஒரு கணக்கைவிட்டு நீங்கியும் மற்றொன்றைச் சேராத ஓர் இடைவெளி உண்டாகிறது.

பதில் வராத நிலை

இருப்பு போதாது என்று 'அ' வங்கி மறுத்தால் அது தெளிவான தோல்வி, பணம் நகரவில்லை. சிக்கல் மறுப்பில் இல்லை, மௌனத்தில் இருக்கிறது. கொடுப்பனவுக் கோரிக்கைக்கான பதில் நேர வரம்பு முன்பு 30 விநாடியாக இருந்தது. 2025 ஜூன் 16 முதல் அது 15 விநாடியாகக் குறைக்கப்பட்டது. பற்றுக் கோரிக்கைக்கு உரிய நேரத்தில் பதில் வராவிட்டால் வரவுக் கோரிக்கை அனுப்பப்படுவதே இல்லை. 'அ' வங்கி ஒருவேளை பணத்தைக் கழித்திருக்கலாம் என்பதால் அதனைத் திருப்புமாறு அவ்வங்கிக்குச் செய்தி செல்கிறது.

வரவுக் கோரிக்கைக்குப் பதில் வராமற்போவது இதிலிருந்து வேறுபட்டது. 'ஈ' வங்கி வரவை எழுதிவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கக்கூடும். அந்நிலையில் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பினால் ஒரே 120 ரூபாய் இருவரிடமும் இருக்கும். எனவே உண்மை நிலை அறியப்படும்வரை பற்று அப்படியே நிறுத்தி வைக்கப்படுகிறது. திரையில் 'நிலுவையில் உள்ளது' என்று தோன்றும்போது அது தோல்வியைக் குறிப்பதில்லை. உடனே மறுபடியும் செலுத்துபவர் இருமுறை செலுத்தியவராகக்கூடும்.

கடையில் உறுதி கிடைக்காத கொடுப்பனவை ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்பித் தரவேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது.

நிலையை அறிய வங்கிகள் அனுப்பும் வினவல்களே சுமையாவதும் உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ பல மணி நேரம் தடுமாறியதற்கு, சில வங்கிகள் அத்தகைய வினவல்களை அளவின்றி அனுப்பியது காரணம் என என்பிசிஐ கண்டறிந்து, அவற்றுக்கு வரம்பு விதித்தது.

கடை எதனை நம்பலாம்

வாடிக்கையாளரின் திரையும் கடையின் அறிவிப்பும் தனித்தனிப் பாதைகளில் வருபவை. ஒலிப்பெட்டி தனக்குரிய சிம் இணைப்பில் இயங்குவதால், இணைப்பு நலிந்தால் வரவு எழுதப்பட்ட பின்னும் அது பேசாமல் இருக்கக்கூடும். மறுபுறம், வாடிக்கையாளர் காட்டும் வெற்றித் திரை போலியாகவும் இருக்கலாம். ஆகவே கடைக்குச் சான்றாவது அதன் செயலியிலோ வங்கிக் கணக்கிலோ தெரியும் பதிவே. ஐயம் எழுந்தால், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் உரிய 12 இலக்கக் குறிப்பெண்ணை இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் அந்த விநாடிகளில் 'அ' வங்கியிலிருந்து 'ஈ' வங்கிக்குப் பணம் உண்மையில் சென்றிருப்பதில்லை. பலருடைய கொடுப்பனவுகளைக் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு வங்கியும் தரவேண்டிய அல்லது பெறவேண்டிய நிகரத் தொகை மட்டும், ஒரு நாளில் பல சுற்றுகளாக, ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் வழியே தீர்க்கப்படுகிறது. அந்தத் தீர்வுக்குக் காத்திராமல் 'ஈ' வங்கி கடையின் கணக்கில் எழுதிய வரவையே ஒலிப்பெட்டி அறிவிக்கிறது.