திரும்பிச் செல்லப் பணித்த தீர்ப்பு: ருக்மாபாய் வழக்கும் அதன் பின்விளைவும்

கடன்பட்டவன் கடனைத் திருப்பித் தராவிடின் நீதிமன்று அவன் பொருளைக் கைப்பற்றிக் கொடுக்கலாம். பிறர் நிலத்தைக் கவர்ந்தவனை அகற்றி நிலத்தை உரியவனிடம் ஒப்படைக்கலாம். ஆயின், துணையைப் பிரிந்து வாழும் ஒருவரை நோக்கி, மீண்டும் சென்று சேர்ந்து வாழ்க என நீதிமன்று ஆணையிட்டால், அவ்வாணையை எங்ஙனம் நிறைவேற்றுவது? தாம்பத்திய உரிமை மீட்பு எனப்படும் வழக்கின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம். அவ்வினாவை இந்தியாவில் முதன்முதலாக ஊரறிய எழுப்பியவர் பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய் என்னும் பெண்மணி.

இவ்வழக்கு இந்து தருமநூல்களிலிருந்து பிறந்ததன்று. இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றுகளில் தோன்றியது. மணமுறிவு இயலாதிருந்த அந்நாட்டில், பிரிந்த துணையை மீண்டும் சேர்ந்து வாழுமாறு திருச்சபை பணித்தது. பணிய மறுத்தவர் முன்னர்ச் சபையிலிருந்து விலக்கப்பட்டனர். 1813ஆம் ஆண்டின் பின்னர்ச் சிறையிடப்பட்டனர். ஆங்கில நீதிபதிகளோடு இவ்வழக்கும் இந்தியா வந்தது. முஸ்லிம் தம்பதியர் இருவரின் வழக்கில், இத்தகைய உரிமையைக் குடியியல் நீதிமன்றிற் கோரலாம் என 1867இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில் தீர்ப்பளித்தது. 1882ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டம், ஆணையை மீறுவோரை ஆறு மாதம் வரை சிறையிடவும், அவர் சொத்தைக் கைப்பற்றவும், இரண்டையும் ஒருங்கே செய்யவும் இடமளித்தது.

ருக்மாபாய் 1864இல் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாயார் டாக்டர் சகாராம் அர்ஜுன் என்னும் மருத்துவரை மறுமணம் புரிந்தார். பதினொரு வயதில் ருக்மாபாய்க்குத் தாதாஜி பிகாஜி என்னும் பத்தொன்பது வயது இளைஞருடன் மணம் நிகழ்ந்தது. மணத்தின் பின்னரும் அவர் சிற்றப்பாவின் இல்லத்திலேயே வளர்ந்து, நூல்களைக் கற்றார். இருவரும் ஒருநாளேனும் கணவன் மனைவியாக வாழ்ந்ததில்லை. ஆண்டுகள் சென்றபின் தாதாஜி தம் மனைவியை அனுப்புமாறு கேட்டார்; ருக்மாபாய் மறுத்தார். 1884இல் தாதாஜி பம்பாய் உயர்நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். தம்மைப் பேணும் வருவாய் அவருக்கில்லை, அவர் உடல்நலம் குன்றியவர், அறியாப் பருவத்தில் நிகழ்ந்த மணத்துக்குத் தம் இசைவு இருந்ததில்லை என்பன ருக்மாபாயின் எதிருரைகள்.

1885 செப்டெம்பரில் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளினார். அவர் காட்டிய காரணம் ஊன்றி நோக்கற்பாலது. முன்னர்ச் சேர்ந்து வாழ்ந்து பின் பிரிந்தவரையே 'மீளச் சேர்க' எனப் பணிக்கலாம். இவ்விருவரோ ஒருபோதும் சேர்ந்து வாழ்ந்தவரல்லர். இல்லாத ஒன்றை மீட்டளிப்பது எப்படி? மேலும், இவ்வழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது; அங்கே அது அறிவறிந்த பருவத்தில் இசைந்து மணந்தோர்க்கு உரியது. அவ்விசைவு இல்லாத மணத்துக்கு அதனை நீட்டுதல் முறையன்று என்றார். இங்கிலாந்திலேயே இவ்வழக்கிற் சிறைத்தண்டனை 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். தாய்நாடு கைவிட்ட தண்டனை குடியேற்ற நாட்டில் நிலைத்து நின்றது.

தீர்ப்பு பெரும் கிளர்ச்சியை விளைத்தது. பாலகங்காதர திலகரின் ஏடுகள் அதனை வன்மையாகக் கண்டித்தன. அந்நிய நீதிபதி இந்து மணத்தின் கட்டினைத் தளர்த்திவிட்டார் என்பது அவர் தரப்பாரின் முறையீடு. ஆயின், அவர்கள் காக்க முனைந்த சிறைத்தண்டனையும் அந்நிய நாட்டுச் சரக்கே. மேன்முறையீட்டில், 1886இல், தலைமை நீதியரசர் சார்ஜன்ட்டும் நீதிபதி பெய்லியும் பின்ஹேயின் தீர்ப்பை நீக்கி, வழக்கை மீள விசாரிக்கப் பணித்தனர். 1887 மார்ச் மாதத்தில் நீதிபதி பாரன், ஒரு மாதத்துள் கணவன் இல்லம் செல்லவேண்டும், தவறின் ஆறு மாதச் சிறை என ஆணையிட்டார். கணவனிடம் செல்வதினும் சிறை செல்வதே தமக்கு ஏற்புடைத்து என்பது ருக்மாபாயின் விடை.

இங்கேதான் ஆணையின் வலுவின்மை வெளிப்பட்டது. சிறைக் கதவு திறந்தே இருந்தது; ஆனால் அவரை அதனுள் அனுப்பத் துணிந்தாரில்லை. அனுப்பினும் ஆறு மாதத்தின் பின் அவர் கணவனிடம் செல்வார் என்பதற்கு உறுதியுமில்லை. 1888 ஜூலையில் இணக்கம் ஏற்பட்டது: தாதாஜி இரண்டாயிரம் ரூபா பெற்றுக்கொண்டு, தீர்ப்பை நிறைவேற்றும் உரிமையைக் கைவிட்டார். மணம் இத்துடன் முறிந்தது எனச் சிலர் எழுதுவர்; அது பிழை. அக்கால இந்துச் சட்டத்தில் மணமுறிவு இல்லை. தாதாஜி மறுமணம் புரிந்தார். ருக்மாபாய்க்கு அவ்வழி அடைபட்டிருந்தது. அவர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றினார். 1904இல் தாதாஜி இறந்தபோது அவர் விதவைக் கோலம் பூண்டார் என்பர். சேர்ந்து வாழாத மணமும் சட்டத்தின்படி இறுதிவரை மணமாகவே நின்றது.

1923இல் இந்தியச் சட்டம் இத்தகைய ஆணைக்கான சிறைத்தண்டனையை நீக்கியது. எஞ்சியது சொத்துப் பறிமுதல்: ஆணையை மீறுபவரின் சொத்தைக் கைப்பற்றலாம், அப்பின்னும் இணங்காவிடின் அதனை விற்று மற்றவர்க்கு இழப்பீடு வழங்கலாம். சொத்தில்லாதவரிடம் இதனாற் பயன் யாது என்பது வெளிப்படை.

ருக்மாபாய் 1955 செப்டெம்பரில் மறைந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் நிறைவேறிய இந்து மணச் சட்டம், ஒன்பதாம் பிரிவில் இவ்வுரிமையை மீண்டும் எழுதிவைத்தது. ஆயின், அதே சட்டம் மணமுறிவுக்கும் வழிவகுத்தமையால் ஆணையின் இயல்பே மாறிற்று. ஆணை பிறந்தபின் குறித்த காலம் சேர்ந்து வாழாதிருந்தால் அதுவே மணமுறிவுக்குக் காரணமாயிற்று. ஆணை பெற்றவர் மட்டுமன்றி எவரும் இதனைக் கோரலாம் என 1964இலும், காத்திருக்கும் காலம் ஓராண்டே என 1976இலும் திருத்தங்கள் வந்தன. சேர்த்துவைக்கப் பிறந்த ஆணை பிரிந்துசெல்லும் படிக்கட்டாயிற்று. ஒரு வழக்கில் மனைவி கணவனோடு வாழ விழைந்து மனுச் செய்தார். கணவனும் இசைந்தமையால் 1978இல் ஆணை பிறந்தது. ஓராண்டு கழிந்ததும் அதே கணவன், தாம் சேர்ந்து வாழவில்லை என்பதையே காரணங்காட்டி மணமுறிவு கோரினான். உச்ச நீதிமன்று 1984இல் அதனை வழங்கியது.

அதே தீர்ப்பிற் பிறிதொன்றும் அடங்கும். பாடசாலைப் பருவத்தில் 1975இல் மணமாகிப் பிரிந்த நடிகை சரிதாவின் வழக்கில், ஆந்திர உயர்நீதிமன்ற நீதிபதி சௌதரி, இவ்வாணை பெண்ணின் உடலின்மீது அரசு செலுத்தும் வன்முறை எனக் கூறி, 1983இல் ஒன்பதாம் பிரிவை அரசியலமைப்புக்கு முரணென அறிவித்தார். உச்ச நீதிமன்று அதனை ஏற்கவில்லை, அப்பிரிவு நிலைபெற்றது. எனினும் அதன் கூர் பின்னும் மழுங்கியது. திரும்பிவர ஆணையிடப்பட்ட மனைவி, தக்க காரணத்தோடு அதனை மீறியிருப்பின், அம்மீறலொன்றையே காட்டி அவளுக்குப் பராமரிப்புப் பணத்தை மறுத்தல் ஆகாது என 2025 ஜனவரியில் அதே நீதிமன்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில், 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் கெடுநோக்குடன் துணையைக் கைவிடுதலை நேரே மணமுறிவுக் காரணமாக்கியுள்ளது. மீட்பு ஆணை என்னும் இடைப்படி அதற்கு வேண்டப்படவில்லை. மேலும், நாவற்குடா முதலிய மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்து, மருமகன் அவ்வீட்டில் வந்து வாழ்வதே பெருவழக்கு. 'மனைவி கணவன் இல்லம் திரும்புக' என்னும் ஆணையை இங்கு வாசிப்பவர்க்கு, எவர் எவ்வில்லம் திரும்புவது என்னும் ஐயம் முதலில் எழும். திரும்புதற்குரிய வீடு எது என்பதைக்கூட அவ்வவ்வூர் வழக்கமே முடிவுசெய்யும்போது, ஒரு நாட்டுத் திருச்சபையின் ஆணை எல்லா மணங்களுக்கும் பொருந்துமெனக் கொண்டது பிழையின் தொடக்கமாயிற்று.

இவ்வழக்கைத் தோற்றுவித்த இங்கிலாந்து 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை முற்றாக நீக்கிவிட்டது. சபைவிலக்கு, சிறை, பறிமுதல் ஆகிய மூன்றும் முயன்று முடியாத ஒன்றை, ஓராண்டுக் காத்திருப்பு என்னும் நான்காவது வழி முயலவேயில்லை. அது பிரிவை ஒப்புக்கொண்டது. சட்டம் இம்முடிவை எய்த நெடுங்காலம் எடுத்தது. ருக்மாபாய் அதனை 1887ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே கூறிவிட்டார்.