காற்றால் குளிரும் ஃபின் குழாய் வெப்பப் பரிமாற்றி: வெளியேறும் காற்றின் வெப்பநிலை

குழாய்க்குள் நீராவியோ சூடான எண்ணெயோ ஓட, விசிறி தள்ளும் காற்று வெளிப்புறத்தைக் குளிர்விக்கும் கருவி இது. காற்று வெப்பத்தை எளிதில் வாங்காது. அதனால் குழாயின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளைச் சுற்றிப் பரப்பைப் பெருக்குகிறார்கள். இத்தகடே ஃபின்.

ஃபினின் வேர் குழாயின் சூட்டில் இருக்கும். நுனியை நோக்கிச் சூடு குறையும். முழு ஃபினும் வேரின் சூட்டிலேயே இருந்தால் கடத்தக்கூடிய வெப்பத்தில் எத்தனை பங்கு உண்மையில் கடத்தப்படுகிறது என்பதே ஃபின் செயல்திறன். ஃபின்களுக்கு இடையே தெரியும் வெறுங்குழாய்ப் பரப்பையும் சேர்த்துப் பார்த்தால் பரப்புச் செயல்திறன் கிடைக்கும்:

η₀ = 1 − (A_f/A)(1 − η_f)

25.4 மி.மீ. குழாயில் 57 மி.மீ. வெளிவிட்டமும் 0.4 மி.மீ. தடிமனும் உள்ள ஃபின்கள், மீட்டருக்கு 433 என்று வைப்போம். காற்றுப்புறக் கெழு 50 வாட்/மீ²·கெ. என்றால் η_f சுமார் 0.86. மொத்தப் பரப்பில் 96 விழுக்காடு ஃபின்களே என்பதால் η₀-வும் அதே 0.86 அளவில்தான் நிற்கிறது.

அடுத்தது மொத்த வெப்பப் பரிமாற்றக் கெழு. வெளிப்பரப்பை அடிப்படையாகக் கொண்டால்,

1/U = 1/(η₀h₀) + R_w + (A/A_i)/h_i

இங்கே A/A_i ஏறத்தாழ 28. உள்ளே நீராவி குளிர்ந்து நீராகிறது. அதன் கெழு 8000. மூன்று உறுப்புகளும் முறையே 0.0232, 0.0011, 0.0035. எனவே U = 36. தடையில் பெரும்பங்கு காற்றுப்புறத்தில்தான் இருக்கிறது.

நீராவியின் வெப்பநிலை 100 டிகிரியில் மாறாமல் நிற்பதால் கணக்கு எளிது:

T₂ = T_s − (T_s − T₁) exp(−UA/ṁc_p)

பரப்பு 1000 மீ², காற்று நொடிக்கு 30 கி.கி., நுழையும்போது 35 டிகிரி என்றால் அடுக்கு 1.19. வெளியேறும் காற்று 80 டிகிரி. கடத்தப்படும் வெப்பம் சுமார் 1370 கிலோவாட். உள்ளே எண்ணெய் ஓடிச் சூடு இழந்துகொண்டே போனால் இச்சூத்திரம் பொருந்தாது. குறுக்கோட்டத்துக்கான ε-NTU முறை வேண்டும்.

U எந்தப் பரப்புக்கு உரியதோ அதே பரப்பால்தான் பெருக்க வேண்டும். வெறுங்குழாய்ப் பரப்புக்குக் கணக்கிட்டால் U 830-ஐத் தாண்டும். அதை 1000 மீ² ஃபின் பரப்போடு பெருக்கினால் விடை அப்படியே 100 டிகிரி என்று வரும். காற்று நீராவியின் சூட்டையே எட்டிவிட்டதாக விடை சொன்னால், முதலில் பரப்பைச் சரிபாருங்கள்.

ஓடும் கருவியில் வெப்பநிலை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ஃபின்களில் தூசி அடைத்துக் காற்று 20 கிலோகிராமாகக் குறைந்தால் கெழுவும் சேர்ந்து குறையும். ஆனாலும் வெளிவரும் காற்று 85 டிகிரியாக ஏறும். கடத்தும் வெப்பமோ கால் பங்கு சரிந்து 1015 கிலோவாட்டுக்கு வந்திருக்கும். ஆகவே வெப்பமானியோடு காற்றோட்டத்தையும் அளந்தாக வேண்டும்.