சேலை–லெஹங்கா படமாற்றம்

சேலை அணிந்தவரின் உருவப்படத்தில் முகம், கைகள், நிற்கும் நிலை ஆகியவற்றை மாற்றாமல் உடையை மட்டும் லெஹங்காவாகத் திருத்தும் படத்தொகுப்பு முறை. மூலப்படத்தைத் தொடாமல் புதிய உடையைத் தனி அடுக்கில் வரையும் வசதி ஃபோட்டோஷாப்பில் 1994இல் வந்தது.

நிவி கட்டில் முந்தானை இடத்தோளில் ஏறுவதால் ரவிக்கையின் இடப்பகுதி மறைந்திருக்கும். முந்தானையை நீக்கியபின் அந்த இடப்பகுதியை வலப்பகுதியைப் பார்த்து வரைய வேண்டும். சேலைக் கொசுவம் முன்புறம் நேராக விழும். லெஹங்காவின் மடிப்புகள் இடுப்பைச் சுற்றித் தொடங்கி விரியும். எனவே வெளிக்கோட்டுடன் தரை நிழலையும் அகலமாக்க வேண்டும். லெஹங்காவுக்குப் பதிலாகச் சல்வாராக மாற்றினால் வெளிக்கோடு ஒடுங்கும். அதனால் வெளிப்படும் பின்னணியை நிரப்ப வேண்டும்.

தோளில் எஞ்சிய முந்தானை நிழலும், மடிப்புகளோடு வளையாமல் நேராக ஓடும் சரிகைக் கரையும் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும்.