எட்டுக்கால் நடையில் முறை எங்கிருந்து பிறக்கிறது?

கணினியில் சிலந்தியை நடக்கவைப்பவர்களில் பலர் நடையின் முறையை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். இடக்கால்கள் முன்னிருந்து இ1 முதல் இ4, வலக்கால்கள் வ1 முதல் வ4 என்றால், இ1, வ2, இ3, வ4 சேர்ந்து எழும். அவை ஊன்றியதும் மற்ற நான்கும் எழும். நேர்ப்பாதையில் இது பொருந்தும். உடல் திரும்பும்போது வெளிப்பக்கக் கால்கள் அதிக தூரம் கடக்க, உட்பக்கக் கால்கள் எழத் தேவையின்றி எழும். ஆகவே முறையை விதிக்காமல், ஒவ்வொரு காலின் தேவையிலிருந்து அது பிறக்க விட வேண்டும் என்பது என் வாதம்.

ஒவ்வொரு காலுக்கும் உடலோடு நகரும் ஓர் ஓய்வுப்புள்ளி உண்டு. பாதமோ தரையில் ஊன்றி நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி வரம்பைத் தாண்டினால் கால் எழலாம். ஆனால் முன்பின் அண்டைக் கால்களும் எதிர்ப்பக்க இணையும் தரையில் இருக்க வேண்டும். எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் வரம்பைத் தாண்டுவதாகக் கொண்டு, இடப்பக்கத்திலிருந்து வரிசையாகச் சோதிப்போம். இ1 எழும். அதனால் இ2 தடைபடும். இ3 எழும், இ4 தடைபடும். வலப்பக்கம் வ1-ஐ இ1 தடுக்கும். வ2 எழும், வ3 நிற்கும், வ4 எழும். யாரும் எழுதாத நான்கு-நான்கு நடை தானே வந்துவிட்டது!

இந்த ஒழுங்கு திருப்பத்தில் குலைகிறது. வரம்பு 0.3 மீட்டர், ஓர் அடிக்கு 0.2 நொடி என்று வைப்போம். வலப்புறம் திரும்புகையில் வலக்கால்களின் ஓய்வுப்புள்ளிகள் நொடிக்கு 0.6 மீட்டர் நகர்கின்றன, இடக்கால்களுடையவை 1 மீட்டர். கால்களின் தாளம் விலக விலக, வ2-இன் அண்டைகளான வ1, வ3, இ2 ஒன்றன்பின் ஒன்றாக எழ நேரும். அப்போது வ2 0.6 நொடி காத்திருக்கும். பாதம் இன்னும் 0.36 மீட்டர் பின்தங்கி 0.66-ஐ எட்டும். ஓய்வுப்புள்ளியிலிருந்து காலின் எட்டுதூரம் 0.5 என்றால் இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸுக்கு விடை கிடைக்காது. முட்டி விறைத்து நீண்டு, பாதம் தரையில் வழுக்குவது கண்ணுக்குத் தெரியும். வரம்பைக் குறைப்பதுதான் பலர் முதலில் செய்வது. அதனால் அடிகள் பெருகி, தடைகளும் பெருகும்.

தீர்வு, கால்களின் நிலுவையை ஒப்பிடுவது:

```
need = dist(foot, home) / 0.3
if need > 1 and nbrs_down and need >= max(nbr_need):
    start_step(leg)
```

அண்டைகளைவிட வ2-இன் நிலுவை மிகுந்திருக்கும்வரை, அவற்றில் எதுவும் புதிதாக எழாது. காற்றில் இருப்பது ஊன்றும்வரை, அதிகபட்சம் 0.2 நொடி காத்திருந்தால் போதும். அந்நேரத்தில் கூடும் தொலைவு 0.12 மீட்டர்தான்.

குச்சிப்பூச்சி நடையை ஆராய்ந்த ஹோல்க் குரூஸ், பின்கால் காற்றில் இருக்கும்போது அதன் முன்னுள்ள காலின் எழுச்சி தடுக்கப்படுவதைக் காட்டினார். அங்கே தடை ஒருதிசை; அதனால் அடிகள் பின்னிருந்து முன்னோக்கி அலையாகச் செல்கின்றன. நம் தடை இருதிசை. அந்த அலை வேண்டுமென்றால் முன்காலிலிருந்து பின்காலுக்கு வரும் தடையை நீக்கவேண்டும். நிலுவை ஒப்பீடு அப்போதும் அப்படியே நிற்கலாம்.

வேகம் கூடினால் வேறோர் எல்லை குறுக்கிடும். பாதம் ஓய்வுப்புள்ளிக்கு 0.3 மீட்டர் முன்னால் ஊன்றினால், பின்வரம்பை எட்ட உடல் 0.6 மீட்டர் நகரவேண்டும். அதற்குள் மறு அணி 0.2 நொடியில் அடியை முடித்தாகவேண்டும். நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் அது முடியாது. அதற்குமேல் எந்த முறையும் உதவாது. அடிநேரத்தையே குறைக்க வேண்டும்.