தாயக்கட்டை, சோகி, பழைய சீட்டு: கிட்டப் பிடித்த படத்தில் எதைப் பார்ப்பது?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவானிலும் படுவானிலும், பழைய பெட்டிகளுக்குள் இருந்து இன்னும் வெளிவரும் பொருட்களில் விளையாட்டுச் சாமான்களும் உண்டு. 1990இலும் 2006, 2007இலும் இடம்பெயர்ந்தபோது நகையையும் உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள், சோகியையும் சீட்டையும் தேடி எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தகரப் பேணி ஒன்றுக்குள் போட்டது போட்டபடி சில தப்பியிருக்கின்றன. அவற்றைப் படம் பிடித்து, "இது என்ன, எந்தக் காலத்தது?" என்று கேட்டு எனக்கு அனுப்புகிறார்கள். அப்படி வரும் படங்களில் நான் எதைப் பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம் எடுக்கும் முறை. வெயிலில் வேண்டாம், கைப்பேசியின் மின்னல் ஒளியும் வேண்டாம். விறாந்தையில், காலை வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழும் இடத்தில் வைத்து எடுங்கள். பக்கவாட்டு ஒளியில்தான் கீறலும் குழியும் நிழல் காட்டும். கைப்பேசியைப் பொருளோடு ஒட்டப் பிடித்தால் படம் கலங்கும். சற்றுத் தள்ளிப் பிடித்து இரு மடங்கு பெருப்பித்து எடுப்பது நல்லது. பக்கத்தில் ஓர் அடிமட்டம் இருக்கட்டும். கட்டை என்றால் எல்லாப் பக்கங்களும், இரு முனைகளும் வேண்டும். முனைப்படம் இல்லாமல் வரும் கட்டைகளைப் பற்றி என்னால் பாதிதான் சொல்ல முடிகிறது.

அதற்கு முன் கழுவாதீர்கள். பித்தளைக் கட்டையைப் புளி போட்டுத் துலக்குவது எங்கள் வீட்டுப் பழக்கம். துலக்கினால் குழிக்குள் தேங்கிய அழுக்கும், விரல் பட்டுத் தேய்ந்த இடத்துக்கும் படாத இடத்துக்கும் உள்ள நிற வேறுபாடும் போய்விடும். வயதைச் சொல்பவை அவைதான்.

கட்டையில் பொருளைப் பார்க்கும் முன்பு நான் புள்ளிகளை எண்ணுவேன். தாயக்கட்டை நான்கு நீளப் பக்கங்கள் கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, மற்றது வெறும் பக்கம். இரண்டையும் சேர்த்து உருட்ட வெறுமையும் ஒன்றும் விழுந்தால் தாயம், இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அதே வடிவத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு என்று புள்ளி இருந்தால் அது வட இந்தியச் சௌப்பர் வகை ஆட்டத்துக்கு உரியது. இங்கே செய்ததாக இராது, வந்ததாக இருக்கலாம். ஆறு முகக் கட்டையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டிப் பாருங்கள். இன்று கடையில் வாங்கும் எதிலும் ஏழு வரும். மொகஞ்சதாரோவில் கிடைத்த கட்டைகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் இருந்தன. ஒன்றும் நான்கும் சிவப்பு, மற்றவை கறுப்பு என்றால் அது சீன முறை.

புள்ளி எப்படிப் போடப்பட்டது என்பது அடுத்தது. ஒரு சிறு குழி, அதைச் சுற்றி ஒரு வட்டம் என்று இருந்தால், இரு பல் கொண்ட துளைக்கருவியைக் கையால் சுழற்றிப் போட்ட குறி. பெருப்பித்துப் பார்த்தால் வட்டங்களுக்கு இடையேயான தூரம் ஒரே மாதிரி இராது, சில இடத்தில் ஒரு வட்டம் மற்றதில் ஏறியிருக்கும். இயந்திரத்தில் செய்ததில் குழிகள் ஒரே ஆழத்தில் இருக்கும், உள்ளே வண்ணம் நிரப்பியிருக்கும். ஆனால் வட்டமும் குழியும் பல நூற்றாண்டுகளாகப் போடப்பட்டு வரும் குறி. அதை மட்டும் வைத்துக் காலம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

வெள்ளைக் கட்டைகளில்தான் சிக்கல் கூட. பழைய பொருள் வாங்க வருபவர்களுக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் விற்கும்போது "ஒல்லாந்தர் காலத்துத் தந்தம்", வாங்கும்போது "பழைய பிளாஸ்ரிக்". ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள் என்பது உண்மை. அதனால் வாவிக்கரைக் கட்டை எல்லாம் அவர்களுடையது ஆகிவிடாது.

யானைத் தந்தம் என்றால் முனைப்படத்தில், குறுக்காக வெட்டிய பரப்பில், ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் வலைபோலத் தெரியும். பக்கவாட்டில் அந்த வலை தெரியாது, மங்கிய நீளக்கோடுகள் மட்டும்தான். எலும்பில் வலை கிடையாது. உயிரோடு இருந்தபோது இரத்தம் ஓடிய நுண்குழாய்கள் அதில் உண்டு. நீளப்பக்கத்தில் அவை சிறு கோடுகளாகவும் முனையில் ஊசிக்குத்துப் போன்ற புள்ளிகளாகவும் தெரியும். கை அழுக்கு ஏறி அவை கறுத்துவிடுவதால் பழைய எலும்பைக் கண்டுபிடிப்பது புதியதை விடச் சுலபம். மான்கொம்பு வெளியே இறுகி உள்ளே பஞ்சுபோல் இருக்கும். செலுலாயிட்டில் தந்தம் போலக் கோடுகள் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் அச்சுப் பிசகாமல் நேராக ஓடும், குறுக்கு வலை வராது.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். செலுலாயிட்டு குப்பென்று பற்றி எரியும். தந்தமாக இருந்தாலும் அழியாத வடு விழும்.

சோகியில் இரண்டு இனம் அதிகம் வருகிறது. ஓரம் புடைத்துக் கரடாக, மஞ்சள் சாயலோடு இருப்பது ஒன்று. முதுகில் செம்மஞ்சள் வளையம் ஓடுவது மற்றது. இரண்டும் கடலுக்கு உரியவை, வாவிச் சேற்றில் விளைந்தவை அல்ல. விளையாடிய சோகியா, வெறுமனே பொறுக்கி வைத்ததா என்பதை முதுகு சொல்லும். சிரட்டைக்குள் குலுக்கிக் குலுக்கி எறிந்த சோகியில் முதுகின் உச்சியில் மினுக்கம் போய் வெள்ளை விழுந்திருக்கும், வாயின் பற்கள் கூர்மை இழந்திருக்கும். அலையில் உருண்டது எல்லாப் பக்கமும் ஒரேயளவு மங்கியிருக்கும். சிலவற்றில் ஈயமோ மெழுகோ அடைத்திருப்பார்கள். எறிந்தால் நிலைத்து விழுவதற்காக. சோகி கிடைக்காத வீட்டில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக் கொண்டார்கள். அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

மண் வட்டுகளில் ஓரத்தைப் பாருங்கள். ஓடு உடைத்துத் தேய்த்த வட்டில் ஓரம் சிறு சிறு தட்டைகளாக இருக்கும், நீரில் உருண்டதில் ஓரம் மழுங்கி வளைந்திருக்கும். கீழடி அகழ்விலும் இத்தகைய சில்லுகள் நிறையக் கிடைத்தன என்பதால், வட்டு கண்டதும் சங்ககாலம் என்று எழுதி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பின்புறத்தில் அச்சுப் பள்ளங்களும் சீரான செம்மண் நிறமும் இருந்தால் அது இயந்திர ஓடு. மங்களூரில் அத்தகைய ஓட்டின் முதல் தொழிற்சாலை 1865இல்தான் தொடங்கியது; அந்த வட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

இனிச் சீட்டு. உற்பத்தியாளரின் பெயர் அனேகமாக இஸ்பேட் ஆசில் இருக்கும். இங்கிலாந்தில் சீட்டு வரியின் அடையாளத்தை அந்தச் சீட்டில் பொறித்த வழக்கத்தின் மிச்சம் அது. அடுத்து விளிம்பைப் படம் எடுங்கள். கடதாசிச் சீட்டு பல தாள்களை ஒட்டியது; உப்புக்காற்றில் ஓரம் பிரிந்து தாள்கள் தனித்தனியே தெரியும், நடுவில் கருமையான பசைக்கோடும் இருக்கலாம். முழுப் பிளாஸ்ரிக் சீட்டு பிரியாது, வளையும் அல்லது வெடிக்கும்.

எங்கள் ஊர்ச் சீட்டைப் பொறுத்தவரை இவற்றை விடப் பெரிய சாட்சி அழுக்கு. முன்னூற்றுநாலு ஆட்டத்துக்கு ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டுகள்தான் வேண்டும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. ஆகவே 52 சீட்டையும் வரிசையாகப் பரப்பி ஒரே படத்தில் எடுங்கள். இரண்டு முதல் ஆறு வரை வெளுப்பாகவும் மற்றவை விரல் பட்டுக் கறுத்தும் இருந்தால் அது முன்னூற்றுநாலோ ஓமியோ ஆடிய கட்டு. எல்லாம் ஒரேயளவு கறுத்திருந்தால் ரம்மி போல முழுக் கட்டும் வேண்டிய ஆட்டம்.

படுவான்கரைக் குடும்பம் ஒன்று அனுப்பிய பேணியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு வெள்ளைக் கட்டை, ஐந்து சோகி, 47 சீட்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் கட்டைகளைக் கொண்டுபோக விரும்பினார். வாங்க வந்த ஒருவர் அவை தந்தம் என்று சொல்லியிருந்தார். தந்தமானால் விமான நிலையத்தில் மாட்டியிருக்கும். அனைத்துலகத் தந்த வணிகத்தைத் தடுக்க 1989இல் முடிவானது. நினைவுப் பொருள் என்றாலும் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. முதல் படத்தில் பக்கங்கள் மட்டும் இருந்தன. முனையைக் கேட்டு வாங்கினேன். வலை இல்லை. கறுத்த ஊசிப்புள்ளிகள் நிறைய, ஒரு மூலையில் பஞ்சுத் தன்மை. எலும்பு. புள்ளிகள் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை; தாயக்கட்டை. வட்டங்கள் ஒழுங்கற்று இருந்ததால் கைவேலை. காலம் சொல்ல எதுவும் இல்லை, சொல்லவும் இல்லை.

சீட்டில் ஏழுக்கு மேற்பட்டவை கறுத்திருந்தன. சிறியவற்றில் ஒன்று மட்டும், கிளாவர் ஐந்து, அதேயளவு கறுத்திருந்தது. மூலையைப் பெருப்பித்தால் நீல மையால் ஐந்தை ஒன்பதாக மாற்றி, கீழே தமிழில் "ஒன்பது" என்றும் எழுதியிருந்தது. கிளாவர் ஒன்பது கட்டில் இல்லை. இருபது புள்ளிச் சீட்டு தொலைந்தால் ஆட்டம் நடக்காது; சும்மா கிடந்த ஐந்தை அதன் இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் இதை எழுதி அனுப்பியதும் அந்தத் தாய் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாராம். எழுத்து 1990இல் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாத தம்பியுடையது. அவருடைய கையெழுத்தில் வீட்டில் மிஞ்சிய ஒரே சொல் அது.

அந்தச் சீட்டை அவர்கள் பிளாஸ்ரிக் உறையில் ஒட்ட நினைத்தார்கள். சூட்டில் ஒட்டும் உறைக்குள் போட்டால் திரும்ப எடுக்க முடியாது, மையும் பரவும். வெள்ளைத் தாளில் மடித்து, காற்றோட்டமான பெட்டியில், வெளிச்சம் படாமல் வைக்கச் சொன்னேன். படத்தின் மூலக் கோப்பை வெட்டாமல், வட்ஸ்அப்பில் சுருங்காமல், அப்படியே இரண்டு இடங்களில் சேமித்திருக்கிறார்கள்.

வீட்டுப் பெட்டியில் அல்லாமல் மண்ணில் காண்பவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. சண்டை நடந்த நிலத்தில் பித்தளைக் கட்டை போலத் தெரியும் சிறு குழாய் வெடிபொருளின் பகுதியாக இருக்கலாம். கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம், 119க்குச் சொல்லுங்கள். எலும்போடு சேர்ந்து கட்டையோ வட்டோ சீட்டோ தெரிந்தாலும் தொடாதீர்கள். எந்த இடத்தில், எதன் அருகில் கிடந்தது என்பது நீதவான் முன்னிலையில் தோண்டும்போது பதிவாக வேண்டிய விபரம். கையில் எடுத்த கணத்தில் அது போய்விடும்.